மண் அரிப்பு ஆய்வுச் சுவரொட்டி: அறிமுக உரை

தேர்வாளர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் இறுதியாண்டு வேளாண் பொறியியல் மாணவி.

முதலில் இந்த இரு குப்பிகளைப் பாருங்கள். ஒரே சரிவும் ஒரே அளவு செயற்கை மழையும் கொண்ட இரு பாத்திகளில் வழிந்த நீர். வெற்று மண்ணின் நீர் கலங்கிச் சிவந்திருக்கிறது. வைக்கோல் மூடாக்கு இட்டதில் குப்பியின் அடி தெரிகிறது.

அரிப்பைத் தொடங்கி வைப்பது விழும் துளிதான். அது மண்கட்டியை உடைக்கிறது. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைக்கின்றன. உள்ளே இறங்க வழியில்லாத நீர் மேல்மண்ணை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சில சென்டிமீட்டர் மேல்மண் உருவாகவே பல நூறு ஆண்டுகள் ஆகும். அதனால்தான் இந்தத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

மண் இழப்பைக் கணக்கிடும் A = R × K × LS × C × P சமன்பாட்டில், நில மூடலைக் குறிக்கும் C மட்டுமே என் ஆய்வு. சரிவை மாற்றிச் சோதிக்கவில்லை. அதையும் சுவரொட்டியில் எழுதியிருக்கிறேன். ஐயா, அம்மா, வரைபடத்திலிருந்து விளக்கட்டுமா?