பதினொன்று பத்து

அடுப்பை அணைத்தோமா என்று மூன்றாம் முறை எழுந்து போய்ப் பார்த்தபோதுகூட டீச்சர் பயப்படவில்லை. எதிரே வந்த பழைய மாணவியின் பெயர் வாயில் வராததையும் விட்டுவிடலாம். 32 வருட வருகைப் பதிவேடு யாருக்குத்தான் நினைவிருக்கும்? ஆனால் தினமும் நடக்கும் தெருமுனையில், இடமா வலமா என்று தெரியாமல் நின்றுபோனார். அன்றைக்கே மகளிடம் சொல்லிவிட்டார்.

நினைவாற்றல் கிளினிக்கில் டாக்டர் முதலில் ஐந்து சொற்கள் சொன்னார். அப்புறம் 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79... கணக்கு டீச்சரிடமா!

"ஒரு கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்து காட்டுங்கள்."

வட்டம் அச்சடித்ததுபோல வந்தது. சின்ன முள் பதினொன்றில். பெரிய முள்ளைப் பத்தின் மேலேயே வரைந்துவிட்டு, பென்சிலைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஐந்து சொற்கள்?"

"மணி... படகு... சிவப்பு." அவ்வளவுதான்.

"பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்வோம். ஸ்கேனும் எடுக்கலாம். அதுவரை எதையும் முடிவு கட்ட வேண்டாம்மா."

"சரி" என்ற டீச்சர், தாளைத் தன் பக்கம் இழுத்து, பெரிய முள்ளைச் சுழித்துவிட்டு, ஓரத்தில் 3/5 என்று போட்டார்.