பெரியப்பாவோட வாட்ச் படத்துல என்ன இருக்குதுன்னா

பெரியப்பா, நீங்க அனுப்புன ஸ்கிரீன்ஷாட்ட பெருசு பண்ணி பாத்தேனுங்க. ராத்திரி 11:08க்கு படுத்து காலைல 5:44க்கு எந்திரிச்சிருக்கறீங்க, மொத்தம் 6 மணி 36 நிமிசம். அதுல 24 நிமிசம் முழிப்பு, மீதி 6 மணி 12 நிமிசம் தூக்கம்னு வாட்ச் சொல்லுதுங்க. லைட் 3 மணி 48 நிமிசம், டீப் 52 நிமிசம், கனவு வர்ற ரெம் தூக்கம் 1 மணி 32 நிமிசம்.

டீப் 52 தான்னு பயந்துட்டீங்கன்னு பெரியம்மா சொன்னாங்க, அது மொத்தத்துல 14 சதவீதம் பக்கம் வருதுங்க, வயசு ஏற ஏற டீப் குறையறது இயல்புதான், அந்த ஒரு நம்பர வெச்சு ஒண்ணும் பயப்பட வேண்டாம். படத்துல கருநீலமா இருக்கற டீப் தூக்கத்து கட்டை பாருங்க, பெரிய கட்டை 1:30க்கு முன்னாடியே முடிஞ்சுருது, ரெம் எல்லாம் விடிகாலைல தான் நீளமா வருது, எல்லாருக்குமே பெரும்பாலும் இப்படித்தானுங்க. 2:04லிருந்து 2:21 வரைக்கும் முழிப்புன்னு இருக்குதே, அது த்ரீபேஸ் கரண்டு வந்ததும் மஞ்சக்காட்டுக்கு மோட்டார் போட போனதுதானுங்களே?

ஆனா ஒண்ணு. 12 மணி வரைக்கும் தூக்கம் வராம முழிச்சுட்டே கெடந்தேன்னு நீங்க சொன்னீங்க, வாட்ச் 11:08லிருந்தே லைட் தூக்கம்னு போட்டிருக்குது. அதுக்கு தெரியறது கை அசையறதும், பின்னாடி பச்சை லைட்டு அடிச்சு பாக்கற நாடித்துடிப்பும் தானுங்க. அசையாம கண்ண முழிச்சுட்டு கெடந்தா தூங்கறீங்கன்னு நெனச்சுக்கும். டீப்பா ரெம்மான்னு நெசமா பிரிக்கறதுக்கு தலைல ஒயர் ஒட்டி மூளையோட அலைய பாக்கோணும், கண்ணு அசையறதையும் தாடை தசையையும் பாக்கோணும், அதெல்லாம் ஆஸ்பத்திரில ஒரு ராத்திரி படுக்க வெச்சு எடுக்கற டெஸ்ட்டு. வாட்ச் போடறது ஊகம், அதுலயும் தூங்குனீங்களா இல்லையான்னு ஓரளவு சரியா சொல்லும், எந்த வகை தூக்கம்ங்கறதுல தடுமாறும். மேல இருக்கற 71 ஸ்கோரு அந்த கம்பெனி அதுவா வெச்ச கணக்கு, வேற வாட்ச்ல வேற நம்பர் வரும்.

எனக்கு மனசுல உறுத்தறது வேறங்க பெரியப்பா. கொறட்டை விட்டுட்டே இருக்கறப்ப டக்குனு மூச்சு நின்னாப்புல ஆகி அப்பறம் திணறி இழுக்கறீங்கன்னு பெரியம்மா சொல்றாங்க. அது இந்த படத்துல எங்கயும் இல்ல. மூக்குல காத்து போகுதா வருதான்னு மணிக்கட்டுல கட்டுன வாட்ச் பாக்கறதே இல்லைங்க, அதனால படம் நல்லா இருந்தாலும் அந்த வெசயம் சரியாயிருச்சுன்னு எடுத்துக்க முடியாது. பகல்ல உக்காந்த எடத்துல தூங்கி விழுகறீங்கன்னு வேற சொன்னாங்க, வண்டி ஓட்டறப்ப பாத்துக்கோங்க.

வர்ற வெள்ளிக்கெழம கோயமுத்தூர் வாங்க, நான் லீவு போட்டுக்கறேன், நெஞ்சு டாக்டர்ட்ட போயி அந்த டெஸ்ட்டு வேணுமான்னு கேட்டுக்கலாம். பெரியம்மாவ ரெண்டு ராத்திரி உங்க கொறட்டைய போன்ல ரெக்கார்டு பண்ணி வெக்கச் சொல்லுங்க, டாக்டருக்கு இந்த படத்த விட அது ரொம்ப உபயோகமா இருக்குமுங்க.