பத்தாம் வகுப்பு கணக்கு டியூஷன், மஞ்சக்குப்பம்: பெற்றோர் குழு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். இந்த வருடம் மாலை பேட்ச்சில் சேர்ந்திருக்கும் 18 பிள்ளைகளின் வீட்டுக்கும் இந்தக் குழு. வகுப்பு வரும் திங்கள்கிழமை ஆரம்பம். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 முதல் 7.30 வரை, ஞாயிறு காலை 7 மணிக்கு டெஸ்ட். செம்மண்டலம், புதுப்பாளையம் பக்கமிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளைகளை 7.30க்குச் சரியாக விட்டுவிடுவேன். 8 மணி தாண்டியும் வீடு வந்து சேரவில்லை என்றால் தயங்காமல் போன் செய்யுங்கள்.

முதலில் ஒரு சின்ன உதவி. குழுவில் பாதிப் பேர் எண்ணாகத்தான் தெரிகிறீர்கள். உங்கள் பெயரோடு பிள்ளை பெயரையும் பள்ளியையும் ஒரு வரியில் போடுங்கள், சேமித்துக்கொள்கிறேன்.

பொதுத்தேர்வுத் தாள் எப்படி இருக்கும் என்று சேர்க்கும்போதே பலர் கேட்டீர்கள். மொத்தம் 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதற்கு முன் தாளை வாசிக்க 10, விவரம் நிரப்ப 5 நிமிடம் தருவார்கள். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு மதிப்பெண்ணில் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இரண்டும் சேர்ந்து 16. தேர்ச்சிக்கு 35 போதும் என்றால், கிட்டத்தட்ட அதில் பாதி இங்கேயே இருக்கிறது. அதனால் கணக்கு வராது என்று பயப்படுகிற பிள்ளைக்கு நான் முதலில் எடுப்பது இந்த இரண்டைத்தான். ஜூன், ஜூலையில் இதிலேயே நேரம் போகிறதே, பாடம் நகரவில்லையே என்று நினைக்க வேண்டாம்.

இதில் நீங்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடியது நிறைய. கணக்கு தெரிய வேண்டும் என்பதில்லை. வடிவியல் நோட்டைத் திறந்தால் பெரிய படத்துக்குப் பக்கத்தில் கையால் போட்ட சின்ன உதவிப்படம் இருக்க வேண்டும். கவராயத்தால் போட்ட வில்கள் அழிக்கப்படாமல் தெரிய வேண்டும். படம் சுத்தமாக இருக்கட்டும் என்று ரப்பரை எடுத்து அவற்றைத் துடைத்துவிடுவதுதான் நல்ல பிள்ளைகள் செய்கிற தப்பு. வரைபடத்தில் மேலே வலது ஓரத்தில் அளவுத்திட்டம் எழுதியிருக்க வேண்டும், x அச்சு, y அச்சு என்று பெயர் இருக்க வேண்டும். பரவளையம் என்றால் புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைத்திருக்கக் கூடாது, கையால் வளைவாக வந்திருக்க வேண்டும்.

அப்படியே ஜியோமெட்ரி பாக்ஸையும் ஒரு தடவை பாருங்கள். கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தால், 5 செ.மீ. வைத்து ஆரம்பித்த வில் முடிவதற்குள் 5.3 ஆகிவிடும். முறை எல்லாம் சரி, கடைசியில் கோடுகள் மட்டும் சந்திக்க வேண்டிய இடத்தில் சந்திக்காது. பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். போன வருட பாக்ஸே போதும் என்றால் திருகை மட்டும் இறுக்கிக் கொடுங்கள். பென்சில் கூராக இரண்டு வேண்டும்.

டெஸ்ட் மதிப்பெண்ணைக் குழுவில் போட மாட்டேன். ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் வரும். திருத்திய தாளில் வட்டம் போட்ட கணக்குகளைப் பிள்ளை அடுத்த நாளைக்குள் மறுபடி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்து மட்டும் வந்தால் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

மழை விஷயம். கடலூரில் ஐப்பசி, கார்த்திகை எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை அறிவித்தால் டியூஷனும் கிடையாது, தனியாக மெசேஜ் எதிர்பார்க்க வேண்டாம். பள்ளி இருந்தும் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அனுப்பாதீர்கள், விட்ட பாடத்தை ஞாயிறு டெஸ்ட் முடிந்து நடத்திவிடுகிறேன். ஃபீஸ் மாதம் 800 ரூபாய், 10ஆம் தேதிக்குள். ஒரு மாதம் சிரமம் என்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள், பிள்ளை வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

இனி உங்கள் கேள்விகள். நேரம், பாடம், நோட்டு, தேர்வு எதுவானாலும் குழுவிலேயே கேளுங்கள். ஒருவர் கேட்பது பத்துப் பேர் மனதில் இருக்கும். பிள்ளையைப் பற்றிய கவலை என்றால் தனியாக அனுப்புங்கள். கணக்கில் சந்தேகம் என்றால் வினாவை மட்டும் போட்டோ எடுக்காமல், பிள்ளை எதுவரை போட்டதோ அந்தப் பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கே தடுக்கியது என்று பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும், முழு விடையை எழுதி அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரவு 9 மணி வரை பதில் வரும், அதற்கு மேல் வந்தவற்றுக்கு மறுநாள் காலை. குட்மார்னிங் படங்கள், ஃபார்வர்டு வேண்டாமே, நடுவில் அறிவிப்பு காணாமல் போய்விடும்.

அரசுப் பள்ளியா, மெட்ரிக்கா, தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று யோசித்துத் தயங்க வேண்டாம். ‘இதைக் கேட்கலாமா டீச்சர்’ என்று கேட்பதற்குப் பதில் நேராகவே கேட்டுவிடுங்கள். இன்றைக்கே ஏதாவது இருந்தால் கீழே போடுங்கள், வகுப்பு முடிந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.

கணக்கு டீச்சர்