அப்பளக் கரை

முடிவெட்டும் கடை அண்ணன் துண்டை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"நீயே சொல்லு தங்கச்சி. இது கரையா, பொரிச்ச அப்பளமா?"

தேவிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைத் துண்டு, இரண்டு ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கரை. கொடுத்த அன்று நூல் பிடித்ததுபோல நேராக இருந்த கரை, இப்போது மேலும் கீழுமாக நெளிந்து கிடந்தது. முந்தியில் குறுக்கே மூன்று சிவப்பு வரி போட்டிருந்தாள். அந்த இடத்தில் மட்டும் துண்டு பாவாடைபோல அகன்றிருந்தது. பத்துத் துண்டும் இதே கதை. போதாததற்கு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நீளமும் ஒத்துவரவில்லை.

"சுடுதண்ணியிலயா துவைச்சீங்க அண்ணே?"

"வேற எதுல துவைக்கிறது? பத்துப் பேர் கழுத்துல போடுற துண்டு. கடையில வாங்கின துண்டும் அதே மெஷின்லதான் போவுது, அது ஒழுங்காத்தானே இருக்கு லா?" நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "இன்னொண்ணு. முதல் நாள் இது தண்ணியே குடிக்கல. ஈரத் தலையைத் துடைச்சா, வாழை இலை மாதிரி தண்ணியைத் தள்ளிவிடுது."

பத்தையும் பையில் போட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அவர் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பாள்.

சுங்கை சிப்புட்டில் கைத்தறி என்றால் யாரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். பால்மரம் வெட்டியவர்கள் இருக்கிறார்கள், லோரி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், தறி ஓட்டியவரைத் தேடினால் தேவிகாவின் அம்மாதான். சென்னிமலையில் பன்னிரண்டு வயதில் தறிக்குழியில் இறங்கியவர். 1988இல் கல்யாணமாகி இங்கே தோட்டத்து லயத்துக்கு வந்தார். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயம் போய், தாமானில் வீடு வாங்கி, கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்து ஓய்வும் பெற்றார். இத்தனைக்கும் நடுவில் தறியை அவர் தொடவே இல்லை. செம்பனை ஆலையில் கிராணியாக இருக்கும் மகள்தான், போன வருட போனஸில், சீனத் தச்சர் ஒருவரிடம் மெராந்தி மரத்தில் தறி செய்து வாங்கினாள். கார் நிறுத்தும் இடத்தில் தறி நிற்கிறது. கார் வெளியே நனைகிறது.

அன்று இரவு பத்துத் துண்டையும் கூடத்துத் தரையில் விரித்தாள். தறியில் 120 சென்டிமீட்டர் அளந்து அளந்து நெய்தவை. இப்போது நீளமானது 113, குட்டையானது 106.

அம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார்.

"இது சாயங்காலம் நெஞ்சது."

"எப்படிம்மா தெரியும்?"

"அடி விழுகல. வேலை விட்டு வந்து, கை அசந்துபோய் அடிச்சிருக்கே. எண்ணிப் பாரு."

பூதக்கண்ணாடியை எடுத்து எண்ணினாள். அம்மா காட்டிய துண்டில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறுக்கே எட்டு ஊடை நூல். ஞாயிற்றுக்கிழமை காலையில் நெய்ததில் பத்து. நெருக்கமாக அடித்த துணியில் நூலுக்கு நகர இடமில்லை, நெகிழ அடித்ததில் இடம் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் நூல் பருக்கும், பக்கத்து நூலைச் சுற்றி வளைந்து போக வேண்டிய தூரம் கூடும், துணி உள்ளே இழுக்கும். இடம் அதிகமிருந்தால் இழுப்பும் அதிகம். சரி, அந்தக் கணக்குப் புரிந்தது. அப்புறம் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சில துண்டுகளை, நெடுக்கே ஓடும் பாவு விறைப்பாக இருக்கும்போதே அளந்திருக்கிறாள். சிலவற்றை, உருளையைத் தளர்த்திவிட்டு அளந்திருக்கிறாள். இழுத்துப் பிடித்த ரப்பரை அளப்பதும் விட்ட ரப்பரை அளப்பதும் ஒன்றா?

"அப்போ கரை?" என்றாள். "ஒரே துண்டுல, ஒரே அடியில கரை மட்டும் ஏன் நெளியுது?"

அம்மா துண்டைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். "கரைப் பாவை இறுக்காம விட்டுட்டயோ என்னமோ."

விடவில்லை. கரைப் பாவும் உடல் பாவும் ஒரே உருளையில், ஒரே நாளில், அம்மா பக்கத்தில் நிற்கச் சுற்றியவை. அப்படியே கரைப் பாவுதான் நெகிழ்ந்திருந்தது என்று வைத்துக்கொண்டாலும், முந்தி ஏன் அகல வேண்டும்? அந்த மூன்று வரியும் குறுக்கே ஓடும் ஊடை. நெடுக்கே ஓடினாலும் குறுக்கே ஓடினாலும் சிவப்பு இருக்கிற இடம்தான் கெடுகிறது.

சரியாகச் சொன்னால், சிவப்பு கெடவில்லை. இதைப் பிடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது. ஆலையில் லோரி எடைச் சீட்டுகளை அடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. சிவப்பு நீண்டுபோகவில்லை. அது இருந்த அளவில் இருக்கிறது. வெள்ளைதான் சுருங்கி, சிவப்பைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. வர முடியாத சிவப்பு நெளிகிறது.

ஆனால் இரண்டும் ஒரே நூல். ஈப்போவிலிருந்து வாங்கி வந்த ஒரே கோன் நூல். அதில் பாதியைத்தான் அம்மா சாயம் போட்டார்.

சனிக்கிழமை காலை, மீதி இருந்த வெள்ளை நூலில் ஒரு மீட்டர் வெட்டினாள். சிவப்பிலும் ஒரு மீட்டர். அப்படி மூன்று ஜோடி. குண்டான் நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, உள்ளே போட்டாள். சிவப்பு நூல் விழுந்த கையோடு நனைந்து அடிக்குப் போனது. வெள்ளை போகவில்லை. தண்ணீர்மேல் சுருண்டு மிதந்தது. கரண்டியால் அமுக்கினாள். மறுபடி மேலே வந்தது.

"வாழை இலை," என்று தனக்குத்தானே சொன்னாள்.

அரைமணி நேரம் கழித்து எடுத்து, துணி காயும் கம்பியில் தொங்கவிட்டு, காய்ந்தபின் மேசையில் வைத்து அளந்தாள். சிவப்பு மூன்றும் 99. வெள்ளை 95, 95, 94.

"அம்மா, சாயம் போடுறதுக்கு முன்னால நூலை என்ன செஞ்சீங்க?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்ன செய்வாங்க? வேக வெச்சேன். சோடா போட்டு ஒரு மணி நேரம். பச்சை நூல்ல மெழுகு இருக்கும் கண்ணு, அது போகாட்டி சாயம் பிடிக்காது. அப்புறம் சாயத்துல ஒரு கொதி. அப்புறம் சாயம் ஒழுகக் கூடாதுன்னு இன்னொரு கொதி. கழுத்துல போடுற துண்டாச்சே."

"மூணு தடவை."

"ஆமா, மூணு தடவை."

"வெள்ளையை?"

அம்மாவின் கை நின்றது.

வெள்ளையை யாரும் நனைக்கவில்லை. கோனிலிருந்து நேரே பாவுக்குப் போனது, ஊடை சுற்றும் தாருக்குப் போனது. நூற்பாலையில் இழுத்துச் சுற்றிய முறுக்கு அப்படியே இருக்க, மெழுகும் அப்படியே இருக்க, முடிவெட்டும் கடையின் சுடுதண்ணீரில்தான் முதல்முதலாகக் குளித்திருக்கிறது. சிவப்பு மூன்று குளியல் முடித்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, அதன்பிறகே தறியேறியது.

"உங்களுக்கு இது தெரியாதாம்மா?" கேட்ட பிறகு, கேட்ட விதம் தவறோ என்று தோன்றியது.

அம்மா கோபப்படவில்லை. கீரைத் தண்டை ஒடித்தபடி, வாசலில் நிற்கும் தறியைப் பார்த்தார்.

"எங்களுக்கு நூல் சிட்டமாத்தான் வரும். வெள்ளையும் சாயக்காரர் கையில நனைஞ்சு வெளுத்துத்தான் வரும். முதலாளி வீட்டுல எடை போட்டுக் குடுப்பாங்க. நெஞ்சு, மடிச்சு, அதே எடைக்குத் திருப்பிக் குடுப்போம். கூலி வாங்கிட்டு வருவோம். அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "எத்தனை போர்வை, எத்தனை துண்டு நெஞ்சிருப்பேன்! ஒண்ணைக்கூட நான் துவைச்சுப் பாத்ததில்ல கண்ணு. துவைக்கறதெல்லாம் வாங்கினவங்க வீட்டுல."

தேவிகா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் நான்கு கால்களைச் சுற்றி மீதிக் கோன் நூலைச் சிட்டமாக்கினார்கள். மகள் கோனைப் பிடித்துக்கொள்ள, அம்மா நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நான்கு இடத்தில் நெகிழ்வாகக் கட்டினார். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் தண்ணீர் ஏறாது, வெந்தும் வேகாததாகிவிடும் என்றார். பெரிய குண்டானில் சோடா கரைத்து வேகவைத்தபோது தண்ணீர் மெல்ல மஞ்சளாகி, பிறகு கடுந்தேநீர் நிறத்துக்கு வந்தது. வெள்ளை என்று நினைத்திருந்த நூலுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. மூன்று தண்ணீரில் அலசி, கம்பியில் போட்டார்கள். மத்தியானம் வழக்கம்போல மழை பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் ஓடிப்போய் அள்ளினார்கள். நூல் முழுக்கக் காய மூன்று நாள் ஆனது. காயாத நூலைப் பாவு ஓட்டக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தார்.

இந்த முறை முழுப் பாவுக்கு அவசரப்படவில்லை. ஒரு சாண் மாதிரி மட்டும், சிவப்புக் கரையோடு, முந்தியில் சிவப்பு வரியோடு நெய்தாள். வேலை விட்டு வந்த களைப்பில் நெய்யாமல், சனிக்கிழமை காலையில் நெய்தாள். அச்சை ஒவ்வொரு தடவையும் ஒரே இழுப்பில் இழுத்தாள். பாவைத் தளர்த்தி அளந்தாள். எல்லாவற்றையும் ஆலையிலிருந்து கொண்டுவந்த பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினாள். தறியில் எவ்வளவு, இறக்கியதும் எவ்வளவு, துவைத்ததும் எவ்வளவு.

மெஷினில் சுடுதண்ணீரில் போட்டு, வெயிலில் காயவைத்து எடுத்தாள். மேசைமேல் போட்டதும் படுத்துக்கொண்டது. கரையைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தாள். நீவ ஒன்றுமில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள், விழுந்த இடத்தில் உள்ளே போய்விட்டது. முந்தி மட்டும் அரைநூல் அகன்றாற்போல ஒரு சந்தேகம். அவ்வளவுதான்.

"முடிஞ்சதும்மா. அண்ணனுக்குப் பாவு ஓட்டிடலாம்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாதிரியை வாங்கினார். முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு எழுந்து போய், அதை மறுபடி மெஷினில் போட்டு மூடியைச் சாத்தினார்.

"ஒரு தடவை போதுமா? அவரு தினமும் துவைக்கிறவரு" என்றார். "எந்த பட்டன்டி இதுக்கு?"