பொருள்: ஜூலை 10 வீடியோ நேர்காணலுக்கு வேறு தேதி வேண்டி – தரப் பதிவு உதவியாளர் பணி, செல்வராணி, பூப்பாறை

மதிப்பிற்குரிய கவிதா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். ஏலக்காய் கொள்முதல் பிரிவில் தரப் பதிவு உதவியாளர் பணிக்காக, வரும் வியாழக்கிழமை (ஜூலை 10) காலை 11 மணிக்கு எனக்கு வீடியோ நேர்காணல் வைத்திருக்கிறீர்கள். அதை ஜூலை 14 திங்கள் அல்லது 15 செவ்வாய்க்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்கவே இந்த மெயில். அந்த இரண்டு நாளும் காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள் நீங்கள் எந்த நேரம் சொன்னாலும் தயாராக இருப்பேன்.

காரணம் எங்கள் ஊர் இணைய இணைப்பு. நான் இருப்பது இடுக்கி மாவட்டம் பூப்பாறைக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவில். போன வாரம் அடித்த காற்றில் ரோட்டோரம் ஒரு மரம் சாய்ந்து, எங்கள் பக்கம் வரும் ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டது. அறுந்த முனை இன்னும் போஸ்டில் சுருட்டிக் கட்டியபடியே கிடக்கிறது. மழை விடாமல் ஒட்டு போட முடியாது, இந்த வாரத்துக்குள் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார் லைன் பார்க்கிறவர். இந்த மழையில் அவரைக் கம்பத்தில் ஏறச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

மொபைல் டேட்டாவில் சமாளிக்கலாமா என்றும் பார்த்தேன். கரண்ட் இருக்கும்போது ஓரளவு கிடைக்கிறது. கரண்ட் போனால் டவர் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடிவிட்டு அணைந்துவிடுகிறது. நேற்று தோழி ஒருத்தியோடு கூகுள் மீட்டில் பேசிப் பார்த்ததில், குரல் விட்டுவிட்டுக் கேட்டது. ஸ்கிரீன் ஷேர் செய்தபோது எக்செல் கட்டங்கள் தெரிந்தன, உள்ளே இருந்த எண்கள் அவளுக்குத் தெரியவில்லை. அப்லோட் வேகம் 0.3 எம்பிபிஎஸ் காட்டியது. அந்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன்.

போனில் பேசினால் போதும் என்றால் வியாழக்கிழமையே பேசியிருப்பேன். ஆனால் நீங்கள் அனுப்பிய மாதிரி இருப்புத் தாளைத் திரையில் காட்டி, பச்சைக்காய் எடைக்கும் காய்ந்த எடைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த வேலையில் நான் செய்து காட்ட விரும்புவதே அதுதான். இங்கே ஏலக்காய் ஸ்டோரில் இந்தக் கணக்கைத்தான் தினமும் எழுதுகிறேன். நூறு கிலோ பச்சைக்காய் காய்ந்து வரும்போது இருபது கிலோ சொச்சம்தான் நிற்கும். அது எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் காய் இளசா, ஈரம் அதிகமா, எடை போட்டதில் பிசகா என்று தேட வேண்டும். உங்கள் தாளில் 6-வது வரிசையில் எனக்கு அப்படி ஒரு கேள்வி இருக்கிறது. அதை எண்களோடு காட்டிப் பேசினால்தான் சரியாக இருக்கும், பாதியில் லைன் அறுந்தால் உங்கள் நேரமும் வீணாகும்.

அதனால் சனிக்கிழமையே போடிநாயக்கனூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு இறங்கிவிடுகிறேன். அங்கே ஃபைபர் லைன் இருக்கிறது, இன்வெர்ட்டரும் உண்டு. இரண்டு நாள் முன்னதாகவே போவது போடிமெட்டு மலைப்பாதையை நினைத்துத்தான். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அங்கே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்.

கொச்சியிலிருந்து சேரும் சாருடைய நேரத்தையும் பார்த்துத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்பது தெரியும். இருவருக்கும் தேதி மாற்றுவதில் வரும் சிரமத்துக்கு மன்னிக்கவும். அந்த இரண்டு நாளும் தோதுப்படாவிட்டால் அந்த வாரத்தில் வேறு எந்த நாளும் சரி, போடியிலேயே தங்கிக்கொள்கிறேன். நேரில் வரச் சொன்னாலும் அங்கிருந்து பஸ் பிடித்து விருதுநகர் அலுவலகத்துக்கு வந்துவிடுவேன்.

வியாழக்கிழமையை மாற்றவே முடியாது என்றால் அதையும் சொல்லுங்கள். அன்று 11 மணிக்குப் போனில் பேசலாம். சாதாரண அழைப்பு எங்கள் வீட்டு மாடியில் தெளிவாகக் கேட்கிறது. தாளில் நான் கண்டதை முன்கூட்டியே எழுதி, புதன்கிழமை இரவுக்குள் மெயிலில் அனுப்பிவிடுகிறேன்.

மெயில் எனக்குத் தாமதமாக வர வாய்ப்பு உண்டு. அதனால் முடிவை விண்ணப்பத்தில் உள்ள எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் உடனே பார்த்துப் பதில் தருவேன். தோட்டக்காரர்களோடு மலையாளத்திலும் தொழிலாளிகளோடு தமிழிலும் பேசிப் பழகிய எனக்கு, இந்தப் பணி மிகவும் பிடித்திருக்கிறது. புது சீசன் காய் வரத்து கூடுவதற்கு முன் உங்களோடு பேச ஆவலாக இருக்கிறேன்.

நன்றியுடன்,
மு. செல்வராணி
பூப்பாறை, இடுக்கி மாவட்டம்
ஜூலை 8, செவ்வாய்

இணைப்பு: இணைய வேகச் சோதனை ஸ்கிரீன்ஷாட்