வழிகாட்டித் திட்டம் 2026–27: முன்னாள் மாணவர்களுக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கும் அழைப்பு

அன்புடையீர், வணக்கம்.

வரும் ஆகஸ்ட் முதல் 2027 மார்ச் வரை நம் கல்லூரியில் நடைபெறவுள்ள வழிகாட்டித் திட்டத்தில் இணையுமாறு, பணியிலிருக்கும் முன்னாள் மாணவர்களையும் மூன்றாம் ஆண்டு மாணவர்களையும் முன்னாள் மாணவர் சங்கம் அழைக்கிறது.

தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை அதற்கும் முன்பிருந்தே உள்ளது. இவற்றால் கல்லூரி வாசலைத் தாண்டி வந்த மாணவர்களுக்கு, உள்ளே வந்தபின் எழும் கேள்விகளைக் கேட்க வீட்டில் ஆளில்லை. கேட் தேர்வு எழுதுவதா, கேம்பஸ் வேலைக்குத் தயாராவதா, மைய அரசுப் பணிக்கு முயல்வதா என்பதை, அந்த வழியில் நடந்த ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினாலே பாதி தெளிந்துவிடும். அந்த ஒருவரை ஒவ்வொரு மாணவருக்கும் தேடித் தருவதே இத்திட்டத்தின் வேலை.

ஒரு வழிகாட்டிக்கு ஒரு மாணவர் என்பதே பொது விதி. விரும்புவோர் இருவரை ஏற்கலாம், அதற்கு மேல் ஒதுக்கமாட்டோம். இணைக்கும்போது மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. மாணவர் செல்ல விரும்பும் துறை, இருவருக்கும் இயல்பாகப் பேச வரும் மொழி, இருவரின் பின்னணி ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் பார்க்கிறோம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, முதல் பருவத்தில் ஆங்கில விரிவுரைகளுடன் போராடிய மாணவருக்கு, அதே நிலையைக் கடந்து வந்த பொறியாளர் கிடைத்தால் பேச்சு விரைவில் இயல்பாகிவிடும் என்பதால்தான் பின்னணியைக் கேட்கிறோம். விண்ணப்பத்தில் அந்தப் பகுதியை நிரப்புவது கட்டாயமன்று. பெண் வழிகாட்டியே வேண்டும் என்று மாணவியர் கோரினால் அவ்வாறே ஒதுக்கப்படும். முதல் ஆறு வாரங்களுக்குள் இருவரில் எவரும் காரணம் கூறாமலே மாற்றம் கேட்கலாம். அதை யாருடைய குறையாகவும் கருதமாட்டோம்.

மாதம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மணி நேரம், தொலைபேசியிலோ காணொளியிலோ பேச வேண்டும். வெளிநாட்டில் பணிபுரிவோர் நேர வேறுபாட்டைக் கருதி முதல் அழைப்பிலேயே நாளையும் மணியையும் நிலையாக வைத்துக்கொள்வது நல்லது. இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம். பருவத் தேர்வுக் காலத்தில் சந்திப்புகள் இல்லை. அறிமுகக் கூட்டம் ஆகஸ்ட் 8, சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கல்லூரிக் கருத்தரங்க அறையில் நடைபெறும். நேரில் வர இயலாதவர்கள் இணையவழி கலந்துகொள்ளலாம்.

வழிகாட்டிகளிடம் நாங்கள் முதலில் எதிர்பார்ப்பது பொறுமை. "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் சார்" என்பதோடு மாணவர் நிறுத்திக்கொள்வார், அரியர் இருப்பதோ, விடுதியில் உறக்கமின்றித் தவிப்பதோ மூன்றாவது நான்காவது உரையாடலில்தான் வெளிவரும். அதுவரை அறிவுரையைச் சற்றுத் தள்ளி வைத்து, அவருடைய ரெசுமேயைத் திறந்து ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து படியுங்கள். "மினி புராஜெக்ட் செய்தேன்" என்று அவர் ஒரே வரியில் முடித்திருப்பதில், எந்தப் பகுதியைத் தாமே செய்தார், எங்கே சிக்கினார், எப்படி மீண்டார் என்று கேளுங்கள். நேர்காணலில் சொல்ல வேண்டிய பதில் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். வேலை வாங்கித் தருவதாக வாக்களிக்க வேண்டாம். பணம் கொடுப்பதும் கடன் தருவதும் கூடாது. மாணவருக்குப் பண நெருக்கடி என்று அறிந்தால் ஒருங்கிணைப்புக் குழுவிடம் தெரிவியுங்கள், உதவித்தொகைக்கான வழியை நாங்கள் பார்க்கிறோம். மாணவர் மனம்விட்டுச் சொல்வதை அவருடைய பேராசிரியரிடமோ பெற்றோரிடமோ கொண்டு செல்லக் கூடாது; அவருடைய உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உடனே குழுவை அழையுங்கள்.

மாணவர்களே, அழைப்பு உங்களிடமிருந்து தொடங்க வேண்டும். பேச வேண்டியவற்றை முந்தைய நாளே இரண்டு மூன்று கேள்விகளாக எழுதி அனுப்புங்கள். "வணக்கம் அண்ணா" என்று மட்டும் செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். என்ன வேண்டும் என்பதை அதே செய்தியில் சொல்வது மரியாதைக் குறைவாகாது. வர இயலாவிட்டால் ஒரு நாள் முன்னதாகத் தெரிவியுங்கள். முன்னறிவிப்பின்றி இருமுறை தவறினால், அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குச் செல்லும். வழிகாட்டி உங்கள் பாடவேலையைச் செய்து தருபவர் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இருதரப்பினரும் ஜூலை 20, திங்கட்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாணவர்களுக்கான படிவம் துறை அலுவலகங்களில் கிடைக்கும். முன்னாள் மாணவர்களுக்குச் சங்கத்தின் மின்னஞ்சல் வழியே அனுப்பப்பட்டுள்ளது. யார் யாருடன் இணைக்கப்பட்டுள்ளார் என்பது ஆகஸ்ட் 1 அன்று தனித்தனியே தெரிவிக்கப்படும். பட்டியல் பொதுவில் ஒட்டப்படாது.

இவண்,
வழிகாட்டித் திட்ட ஒருங்கிணைப்புக் குழு,
முன்னாள் மாணவர் சங்கம்