அண்ணனுக்கும் தம்பிக்கும்: பட்டாவில் என் பெயரும் வேண்டும்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
2 மார்ச் 2025

அன்புள்ள பெரியண்ணனுக்கும் தம்பிக்கும்,

அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அண்ணே, நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விடுதலைப் பத்திர நகலைப் படித்தேன். அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்பா விட்டுச்சென்ற ஆறு ஏக்கரில் என் பங்கு இரண்டு ஏக்கர். அதை என் பெயரில் பதிய வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் யாராவது ஒருவர் அழுதுவிடுவோம், பேச்சு பாதியில் நின்றுவிடும்.

கல்யாணத்துக்கு நகை போட்டாகிவிட்டது என்கிறீர்கள். போட்டீர்கள், நான் மறக்கவில்லை. ஆனால் சீர் வேறு, சொத்துப் பங்கு வேறு. தாத்தா வழி வந்த நான்கு ஏக்கரில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் அதில் இல்லை. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. அப்பா சொந்தமாக வாங்கிய இரண்டு ஏக்கருக்கு அவர் உயில் எழுதவில்லை. அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். அதனால் அதுவும் நம் மூவருக்கும் சமம்தான். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர் இருக்கும்போது பட்டாவில் மட்டும் ஏன் இரண்டு?

தம்பி, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவளுக்கு விவசாய நிலம் வராது என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கத்தான் தடை. அப்பாவிடமிருந்து வாரிசாக வருவதற்குத் தடை இல்லை.

போர்வெல் போட நான் அனுப்பிய பணத்தை இதில் இழுக்கவில்லை. அது அப்பாவுக்குச் செய்தது. நான் கேட்பது மகள் என்ற உரிமையில். அந்த வயலில் உங்களோடு நானும்தான் நாற்றுப் பறித்தேன். அதன் காகிதத்தில் என் பெயர் மட்டும் இல்லை என்றால் எனக்கு மனசு ஆறாது.

முதலில் இ-சேவை மையத்தில் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனு கொடுங்கள். இரண்டு பெயருக்குக் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறுங்கள். ஜூன் பள்ளி விடுமுறையில் நான் வருகிறேன். சர்வேயரை வைத்து அளந்து, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, அப்புறம் தனிப்பட்டா வாங்கலாம். பதிவுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. வாய்க்கால் பக்கத்து நிலம் எனக்குத்தான் வேண்டும் என்று கேட்க மாட்டேன். எந்தப் பக்கம் என்பதை உட்கார்ந்து பேசிக்கொள்வோம்.

என் பங்கை விற்கப் போவதில்லை. தம்பியே உழுது பயிர் செய்யட்டும். குத்தகையை எழுத்தில் வைத்துக்கொள்வோம், அவனுக்கும் அது பாதுகாப்பு.

கோர்ட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் என்னை விட்டுவிட்டுப் பட்டா மாற்றினால் ஆட்சேப மனு கொடுப்பேன். இதை மறைத்து வைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மனு கொடுத்த ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள். மார்ச் முடிவதற்குள் வந்தால் டிக்கெட் போட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
மல்லிகா